ஒரு ஸ்பூன் உறைமோர், ஏழு இரட்டிப்பு

போன மே மாதம் ஓர் இரவு எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் நான்கு எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். ஒரே பாக்கெட் பால், ஒரே பாத்திரத்தில் காய்ச்சியது. ஒவ்வொரு டம்ளரிலும் நூறு மில்லி ஊற்றினேன். மிச்சம் காபிக்குப் போயிற்று. தினமும் கை பாட்டுக்குச் செய்யும் வேலையில் எது நிஜமாகவே அவசியம், எது வெறும் பழக்கம் என்று ஒரு முறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

பொங்கி இறக்கியதும் முதலில் நிரப்பிய டம்ளரில், ஆவி பறக்கும்போதே, முந்தைய நாள் தயிரில் கால் டீஸ்பூன் விட்டுக் கலக்கினேன். மற்ற மூன்றையும் விரல் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டேன். அவற்றில் ஒன்றில் அதே தயிர், அதே கால் டீஸ்பூன். இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு. கடைசி டம்ளரில் எதுவுமே விடவில்லை. நான்கையும் மூடி வைத்துவிட்டு ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்தேன்.

காலை ஐந்தரைக்குத் திறந்து பார்த்தபோது, விரல் சூட்டில் உறை ஊற்றியது தயிராகியிருந்தது. டம்ளரைச் சாய்த்தால் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்கிற, ஓரம் விடாத தயிர். எலுமிச்சை விட்டதில் துணுக்குத் துணுக்காகத் திரிந்து கீழே தங்கிய கட்டியும், மேலே கலங்கிய தண்ணீரும். எதுவும் விடாதது பாலாகவே இருந்தது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றியதும் பாலாகவே இருந்தது. அடியில் பொடிப்பொடியாகச் சில வெள்ளைத் துகள் மட்டும்.

கொதிசூட்டில் உறை ஊற்றிய அந்த டம்ளர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதற்கும் தயிரானதற்கும் ஒரே பால், ஒரே தயிர், ஒரே அளவு. தயிரில் உள்ள புளிப்புதான் பாலை உறைய வைக்கிறது என்றால் இரண்டும் உறைந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டாலும் அந்த விளக்கம் நிற்காது. நல்ல தயிரில் நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டிக் அமிலம் இருக்கும். அதில் ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் பாலில் விட்டால் அந்தப் புளிப்பு நூறில் ஒரு பங்காகக் கரைந்துபோகும். பாலுக்கு அது உறைக்கக்கூடச் செய்யாது. ஸ்பூனில் போனது புளிப்பு அல்ல, புளிப்பை உண்டாக்கத் தெரிந்த ஏதோ ஒன்று. சூடு அதைக் கொன்றுவிட்டது. அப்படியானால் அது உயிருள்ள ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஒரு அறுவை மருத்துவர். காயங்களில் சீழ் பிடிப்பதைத் தடுக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திப் புகழ்பெற்ற ஜோசப் லிஸ்டர். பால் புளிப்பதற்குப் பின்னால் நுண்ணுயிர் இருக்கிறது என்று பிரான்சில் லூயி பாஸ்டர் 1857இலேயே எழுதியிருந்தார். ஆனால் பாலில் பலவகை உயிர்கள் இருக்கும்போது, உறைய வைப்பது குறிப்பிட்ட இன்னதுதான் என்று எப்படிச் சொல்வது? லிஸ்டர் புளித்த பாலை எடுத்துக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் விட்டு, மறுபடி மறுபடி நீர்க்கச் செய்தார். ஒரு சிறு துளியில் சராசரியாக ஒரே ஒரு பாக்டீரியா இருக்கும் அளவுக்கு நீர்த்தபின், காய்ச்சிய பால் நிரம்பிய கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளியாக விட்டார். சில குவளைகள் உறைந்தன, சில அப்படியே இருந்தன. உறைந்தவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே வகை பாக்டீரியா. உறையாதவற்றில் அது இல்லை. ‘பாக்டீரியம் லாக்டிஸ்’ என்று பெயரிட்டு 1878இல் வெளியிட்டார். ஒரு பாக்டீரியாவை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக வளர்த்த முதல் சோதனை என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்று அதன் பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். நம் வீட்டுத் தயிரிலும் இருக்கிறது.

லிஸ்டர் இன்னொன்றையும் கவனித்தார். பசுவின் மடியிலிருந்து மிகுந்த எச்சரிக்கையோடு சுத்தமான குவளையில் கறந்த பாலில் இந்த பாக்டீரியா இல்லை. பாலின் இயல்பிலேயே புளிப்பு இல்லை, அது வெளியிலிருந்து வருகிறது. கறக்கும் கையிலும் பாத்திரத்திலும் மாட்டின் மேலும் புல்லிலும் இருந்து ஒட்டிக்கொண்டு வரலாம். காய்ச்சாத பால் தானாகப் புளிப்பது அப்படித்தான். நாமோ பாலைக் காய்ச்சுகிறோம். காய்ச்சினால் புளிக்க வைக்கும் இந்தக் கூட்டம் அடியோடு போய்விடுகிறது. நம் வீட்டுப் பாலுக்கு உறைமோர் கட்டாயமாவது இதனால்தான்.

ஆனால் லிஸ்டரின் குவளைக்கு ஒரே ஒரு பாக்டீரியா போதுமானதாக இருந்ததே, நமக்கு மட்டும் ஏன் ஒரு முழு ஸ்பூன்?

அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து மில்லி, தயிர் என்று வைத்துக்கொள்வோம். பாலின் அளவில் அது நூறில் ஒரு பங்கு. அந்த ஸ்பூன் தயிரில் எவ்வளவு நெருக்கமாக பாக்டீரியாக்கள் இருந்தனவோ, கலக்கியவுடன் பாலில் அந்த நெருக்கம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. பால் முழுவதும் பழைய தயிரின் நெருக்கத்துக்கு வர வேண்டுமென்றால் எண்ணிக்கை நூறு மடங்காக வேண்டும். பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு, நூற்றிருபத்தெட்டு என்று எண்ணிப் பாருங்கள். ஏழே தடவை. முப்பது டிகிரிச் சூட்டில், பாலில், லாக்டோகாக்கஸ் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் புது இடத்துக்குப் பழகும் நேரம் கொஞ்சம், கடைசியில் புளிப்பு ஏறியபின் வேகம் குறைவது கொஞ்சம். எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு மணி நேரம். பால் தயிராக ஓர் இரவு ஆவது, ஏழு இரட்டிப்புக்கு அவ்வளவு நேரம் ஆவதால்தான்.

இப்போது லிஸ்டரைப் போல ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கிப் பாருங்கள். நன்றாக உறைந்த தயிரில் ஒரு மில்லியில் பத்துக் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியாக்கள் இருக்கும். அரை லிட்டருக்கு ஐயாயிரம் கோடி. ஒன்று ஐயாயிரம் கோடியாக முப்பத்தாறு தடவை இரட்டிக்க வேண்டும். ஒன்றரை நாள் ஆகும். உறைமோர் ஸ்பூன் என்ன தருகிறது என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது. முப்பத்தாறு படி ஏற வேண்டிய இடத்தில், இருபத்தொன்பது படியை ஏற்கெனவே ஏறி முடித்த கூட்டத்தை அது கொண்டுவந்து இறக்குகிறது.

இந்தக் கணக்கு சமையலறையில் உடனே உதவும் ஒரு விஷயத்தையும் சொல்கிறது. சீக்கிரம் உறையட்டும் என்று ஒரு ஸ்பூனுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் விடுகிறோம். அதனால் மிச்சமாவது ஒரே ஒரு இரட்டிப்பு. ஒரு மணி நேரம். பாதி ஸ்பூன் விட்டால் தாமதமாவதும் அதே ஒரு மணி நேரம்தான். அளவைப் பற்றி நாம் படும் கவலைக்கு அவ்வளவு தேவை இல்லை. சூடுதான் பெரிய விஷயம். இருபது டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகிவிடும். அப்போது அந்த ஏழு படியைக் கடக்க ஓர் இரவு போதாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பால் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவதும், மார்கழியில் நாம் அரிசிப் பானைக்குள்ளோ ஹாட்பாக்ஸிலோ வைப்பதும் உறைமோரைக் கூட்டுவதைவிடப் பலமடங்கு புத்திசாலித்தனம்.

சீக்கிரம் நடப்பது எதற்காக முக்கியம்? எதுவும் விடாத டம்ளர் அதைக் காட்டிற்று. அதை நான் கொட்டவில்லை. அன்று இரவு வரை அப்படியே மூடி வைத்தேன். திறந்தபோது பால் இளகலாகத் திரிந்திருந்தது. தயிரின் மணம் இல்லை, மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை. நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வைக்கவும் கூடாது.

காய்ச்சும்போது பாலில் எல்லாமே செத்துவிடுவதில்லை. பேசில்லஸ் என்ற வகை பாக்டீரியாக்கள் வித்துபோலத் தடித்த கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த வித்துகள் கொதியைத் தாங்கும். பால் ஆறியதும் முளைத்துப் பெருகத் தொடங்கும். அவை பாலைப் புளிக்க வைப்பதைவிட அதன் புரதத்தை வெட்டித் துண்டாக்குவதில்தான் முனைப்புக் காட்டும். கசப்பும் வாடையும் அங்கிருந்து வருகின்றன. சில வகை நஞ்சையும் விட்டுவைக்கும். காய்ச்சிய பால் ஒரு காலி வீடு. ஆள் இல்லாத வீட்டில் யார் முதலில் வந்து சேருகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். உறைமோர் ஸ்பூனில் வருவது கோடிக்கணக்கான பேர். வித்திலிருந்து எழுவது சொற்பம் பேர். வித்துகள் முளைத்துப் பெருகுவதற்குள் பாலில் புளிப்பு ஏறிவிடுகிறது, அந்தப் புளிப்பில் அவற்றால் தலையெடுக்க முடிவதில்லை. கொதிசூட்டில் உறை ஊற்றித் தவறிப்போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கவனித்தால் மறுபடி உறை ஊற்றலாம். இரவு முழுக்க வெளியில் இருந்த பாலைக் காலையில் பார்த்து, இப்போது ஒரு ஸ்பூன் விடலாமே என்று நினைப்பது சரியல்ல. அந்த வீட்டில் ஏற்கெனவே வேறு ஆட்கள் குடியேறியிருப்பார்கள்.

சரி, பாக்டீரியா பெருகுகிறது, புளிப்பு ஏறுகிறது. தண்ணீராக ஓடிய பால் எப்படி நிற்கத் தொடங்குகிறது? எனக்கு இதில் எல்லாவற்றையும்விட அழகான பகுதி இதுதான்.

பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு காசீன். அது தனித்தனியாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான காசீன் மூலக்கூறுகள், கால்சியம் பாஸ்பேட்டின் நுண்ணிய மணிகளைச் சுற்றி ஒன்றாகத் திரண்டு உருண்டைகளாக இருக்கின்றன. ஓர் உருண்டை ஒரு பாக்டீரியாவின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் கொழுப்புத் திவலைகளோடு இந்த உருண்டைகளும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். ஒவ்வொரு உருண்டையின் மேலும் கப்பா காசீன் என்ற புரதம் மெல்லிய ரோமம்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ரோமங்களில் எதிர் மின்னேற்றம் உண்டு. ஒரு உருண்டை இன்னொன்றின் அருகே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். இந்தத் தள்ளுதல் இருக்கும்வரை பால் பாலாக ஓடும்.

பாலின் பிஎச் அளவு சுமார் 6.6. பாக்டீரியா பால் சர்க்கரையான லாக்டோஸை உடைத்து லாக்டிக் அமிலத்தை வெளியே விட விட, அது மெல்ல இறங்குகிறது. முதல் சில மணி நேரத்துக்குக் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நள்ளிரவில் எழுந்து பார்த்தால் பால்தான். உள்ளே மட்டும் உருண்டைகளிலிருந்து கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறிக்கொண்டிருக்கும், கட்டு தளரும், ரோமங்களின் மின்னேற்றம் குறைந்து அவை படுத்துவிடும். பிஎச் ஐந்தேகாலை நெருங்கும்போது தள்ளுதல் தோற்கிறது. உருண்டைகள் ஒட்டத் தொடங்குகின்றன. ஒன்றோடு ஒன்று, சரம் சரமாக, சரத்தோடு சரம் பின்னி, பாத்திரம் முழுக்க ஒரே வலை. அரை லிட்டர் பாலில் இருக்கும் தண்ணீர் முழுவதும் எங்கும் போகாமல் அந்த வலைக் கண்களுக்குள் அப்படியே அகப்பட்டுக்கொள்கிறது. தயிரிலும் கிட்டத்தட்டப் பாலில் உள்ள அதே அளவு தண்ணீர்தான். கெட்டியானதாகத் தோன்றுவது அது பிடிபட்டிருப்பதால். காசீனின் மின்னேற்றம் முழுவதும் சமனாகும் 4.6 வரை வலை இறுகிக்கொண்டே போகும்.

எலுமிச்சை விட்ட டம்ளரிலும் அமிலம்தான் இருந்தது. அங்கே ஏன் தயிர் வரவில்லை என்றால், சாறு விழுந்த இடத்தில் புளிப்பு ஒரே நொடியில் ஏறிவிடுகிறது. அக்கம்பக்கத்து உருண்டைகள் வரிசைக்கு வரக் காத்திராமல் மொத்தமாகக் கட்டிக்கொள்கின்றன. கட்டி ஒருபுறம், தண்ணீர் ஒருபுறம். பன்னீர் செய்ய நமக்கு அதுதான் வேண்டும். தயிருக்கு வேண்டியது வேறு: பாலின் ஒவ்வொரு துளியிலும், ஒரே சமயத்தில், மிக மெதுவாகப் புளிப்பு ஏற வேண்டும். எந்தக் கையாலும் அப்படிக் கலக்க முடியாது. எங்கும் சமமாகப் பரவி நின்று, அவ்வவ்விடத்தில் துளித்துளியாகப் புளிப்பை விடும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களால் முடிகிறது. உறை ஊற்றியபின் நன்றாகக் கலக்கு, பிறகு பாத்திரத்தை அசைக்காதே என்று வீட்டில் சொல்வதில் இரண்டுமே சரி. கலக்குவது பாக்டீரியாக்கள் எங்கும் பரவ. அசைக்காமல் விடுவது, பாதி பின்னிய வலை அறுந்துபோகாமல் இருக்க.

பாலைப் பொங்கியதும் அணைத்துவிடாமல் சில நிமிடம் கூடுதலாகக் காய்ச்சினால் தயிர் கெட்டியாக வருவதற்கும் காரணம் உண்டு. காசீன் போக மீதமுள்ள புரதங்கள் சூட்டில் சுருள் அவிழ்ந்து, காசீன் உருண்டைகளின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலை பின்னும்போது அவையும் இழைகளாகச் சேர்ந்துவிடுவதால் வலை நெருக்கமாகிறது, தண்ணீர் விடுவது குறைகிறது. தயிரில் ஸ்பூன் இட்ட குழியில் சற்று நேரத்தில் ஊறிவரும் தெளிந்த நீரைப் பார்த்திருப்பீர்கள். அதன் இளம் பச்சை மஞ்சள் நிறம் ரிபோஃபிளேவின் என்ற பி-2 வைட்டமின் தருவது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, கொட்டவும் வேண்டாம்.

தயிர் தானாகவே ஒரு கட்டத்தில் நிற்பதும் வியப்புதான். அரை லிட்டர் பசும்பாலில் இருபத்துநான்கு கிராம் அளவு லாக்டோஸ் இருக்கிறது. தயிராவதற்கு அதில் நாலைந்து கிராம் போதும். நல்ல தயிரிலும் பால் சர்க்கரையின் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது. இரை தீர்ந்து பாக்டீரியாக்கள் நிற்பதில்லை. தாங்கள் விட்ட புளிப்பே தங்களை அழுத்துவதால் நிற்கின்றன. லாக்டோகாக்கஸ் முதலில் சோர்ந்துவிடும். புளிப்பைக் கூடுதலாகத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் வெளியில் வைத்தால் தொடர்ந்து வேலை செய்யும். மத்தியானத்துக்குள் தயிர் பல் கூசப் புளிப்பது அவற்றால்தான். ஃபிரிட்ஜில் வைப்பது அவற்றைக் கொல்வதில்லை, ஏறக்குறைய உறங்க வைக்கிறது.

உறைமோர் என்பது இப்படிப் பல வகைகள் சேர்ந்த ஒரு கூட்டம். நாற்பது டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் உண்டு, முப்பதில் செழிக்கும் லாக்டோகாக்கஸும் உண்டு. விரல் சூட்டில் உறை ஊற்றி மேடையில் விட்டால், பால் ஆற ஆற ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வேலை மாறும். இந்தக் கலவை வீட்டுக்கு வீடு வேறு. ஒரே பால் வாங்கும் இரண்டு வீட்டுத் தயிரின் மணம் ஒன்றுபோல இல்லாததற்கு அது ஒரு காரணம். குளிர்காலத்தில் தயிர் சில சமயம் நூல் நூலாக இழுப்பதும் இந்தக் கூட்டத்தில் சிலர் செய்வது. குளிரில் அவர்கள் சர்க்கரைச் சரங்களைக் கோழைபோல நூற்று வெளியே விடுவார்கள். வாடையும் நிறமும் சரியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து உறைமோர் எடுக்காமல், அக்கம்பக்கத்தில் நல்ல தயிர் வாங்கித் தொடங்குவது நல்லது. எல்லாம் சரியாகச் செய்தும் பால் உறையவே மறுத்தால் ஒரு காரணத்தை நினைவில் வைக்க வேண்டும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து நீங்கும் நாள்கள் கழியுமுன் கறந்து விற்றால், அந்த ஆன்டிபயாடிக் எச்சம் உறைமோரைக் கொன்றுவிடும். பாலை அன்றாடம் வாங்கும் நமக்கு உறைமோர் ஒரு சோதனைக் கருவியும்கூட.

தயிரே வீட்டில் இல்லாத நாளில் காம்போடு கூடிய மிளகாயைப் பாலில் போட்டு வைப்பார்கள். நானும் செய்து பார்த்தேன். முதல் நாள் இரவு போட்டது மறுநாள் மாலைதான் உறைந்தது. இளகலாக, சற்றே தண்ணீர் விட்டு. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் பழைய வீடு செடிகொடிகள்தான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் மூதாதையரும் செடிகளில் வாழ்ந்தவை என்றே அதன் மரபணுக்களைப் படித்தவர்கள் கருதுகிறார்கள். லாக்டோஸை உண்ணுவதற்கான மரபணுக்களை அது முக்கிய குரோமோசோமில் இல்லாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடிய பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் வைத்திருக்கிறது. பின்னால் வந்து சேர்ந்த சொத்து என்பதற்கு அதுவே சாட்சி. காம்பில் ஒட்டியிருப்பது சொற்பம் பேர். ஸ்பூன் தரும் இருபத்தொன்பது படியில் பாதிக்கும் மேல் அவர்கள் தாமே ஏறியாக வேண்டும். அதற்குத்தான் அந்த முழுப் பகல். உடன் வேறு யார் ஏறிவருகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால் அந்த முதல் தயிரை நான் சாப்பிடவில்லை. அதில் ஒரு ஸ்பூன் எடுத்துப் புதுப் பாலில் விட்டேன், அதிலிருந்து இன்னொரு நாள், இன்னொரு நாள். நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்கு ஊற்றியது காலை ஐந்தரைக்குள், டம்ளரைச் சாய்த்தால் ஓரம் விடாமல் நின்றது.